ஃபோலிட்ராக்ஸா, ஃபோல்வைட்டா: மருந்துச் சீட்டைப் படியெடுக்கும்போது

*கேள்வி: நான் ஒரு முதியோர் இல்லத்தில் அலுவலக வேலை பார்க்கிறேன். படித்தது பி.காம். டாக்டர்கள் எழுதித் தரும் சீட்டுகளைப் பார்த்து கம்ப்யூட்டரில் மருந்துப் பட்டியல் ஏற்றுவது இப்போது என் பொறுப்பு. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நர்ஸ்கள் மாத்திரை கொடுக்கிறார்கள். OD, BD, 1-0-1, 5/7 என்றெல்லாம் இருப்பதை எப்படி ஏற்றுவது? மருந்துப் பெயர் சரியாகத் தெரியாவிட்டால் என்ன எழுதுவது, பார்மசிஸ்டிடம் எப்படிக் கேட்பது?*

உங்கள் பட்டியலில் மருந்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது என்றால், முதலில் அதை இரண்டாக்கிக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்துக்கு ‘கண்டது’ என்று பெயர் வையுங்கள், அடுத்ததற்கு ‘படித்தது’. சீட்டில் என்ன எழுத்து இருக்கிறதோ அது அப்படியே ‘கண்டது’ கட்டத்துக்குள் போகும். T. என்று இருந்தால் T. தான், நீங்களாக Tablet என்று விரிக்கக் கூடாது. புரியாத எழுத்துக்கு ஒரு அடிக்கோடு போடுங்கள். ‘படித்தது’ கட்டத்தில் அதே வரியை முழுசாக, சுருக்கம் எதுவும் இல்லாமல், தமிழில் எழுதுங்கள். நர்ஸ் கையில் போகும் தாள் இரண்டாவது கட்டத்திலிருந்துதான் அச்சாக வேண்டும்.

இவ்வளவு எதற்கு என்று தோன்றும். மோசமான கையெழுத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: பார்த்தவுடனே ‘இது சரியாகத் தெரியவில்லை’ என்று யாருக்கும் தெரிந்துவிடும். அதை நீங்கள் டைப் செய்த கணத்தில் அந்தச் சந்தேகம் காணாமல் போகிறது. நீங்கள் அரைமனதோடு ஊகித்த பெயரும், பளிச்சென்று தெரிந்த பெயரும் அச்சில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆறு மாதம் கழித்து அந்தத் தாளைப் பார்க்கிற புது நர்ஸுக்கு எது ஊகம், எது நிச்சயம் என்று தெரிய வழியே இல்லை. எனவே சீட்டில் இருந்த சந்தேகத்தையும் சேர்த்துப் படியெடுப்பதுதான் உங்கள் வேலை.

நீங்கள் மருத்துவம் படிக்காதவர் என்பது இதில் பெரிய குறை இல்லை. ஆஸ்பத்திரி பார்மசியில் சீட்டு வாங்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் நிற்கிற வேலை என்னுடையது. அங்கே அரைகுறையாக நூறு மருந்துப் பெயர் தெரிந்தவரை நினைத்துத்தான் அதிகம் கவலைப்படுவோம். முதல் மூன்று எழுத்தைப் பார்த்ததும் மீதியை அவர் மனமே நிரப்பிவிடும், நிரப்பியது அவருக்கே தெரியாது.

சரி, குறியீடுகளுக்கு வருவோம். பெரும்பாலானவை இரண்டு வாரத்தில் பழகிவிடும். OD என்றால் நாளைக்கு ஒரு வேளை, BD இரண்டு, TDS மூன்று, QID நான்கு. HS என்றால் படுக்கப் போகும்போது. SOS என்றால் தேவைப்பட்டால் மட்டும். Stat என்றால் உடனே, ஒரே ஒரு தடவை. AC, PC இரண்டும் சாப்பாட்டுக்கு முன், பின். நம் ஊர் டாக்டர்கள் இவற்றை B/F, A/F என்றும் எழுதுவார்கள். BBF, ABF என்றால் அது காலைப் பலகாரத்துக்கு முன், பின். 1-0-1 என்பது காலை, மதியம், இரவு. நான்கு எண் இருந்தால் நடுவில் சாயங்காலமும் சேர்ந்துகொள்ளும். இந்த எண்கள் மாத்திரையின் எண்ணிக்கையே தவிர மில்லிகிராம் இல்லை. ஊசி இன்சுலினுக்கு 16-0-10 என்று எழுதினால் மட்டும் அது யூனிட். CST என்று ஒரே வார்த்தையில் சீட்டு முடிந்தால் பழைய மருந்தையே தொடரச் சொல்கிறார் என்று பொருள். அப்போது எந்தத் தேதிச் சீட்டின் மருந்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பழகிய பிறகும் ஏமாற்றக்கூடியவை சில இருக்கின்றன. உங்கள் இல்லத்துக்கு நேரடியாகப் பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன். 5/7 என்று எழுதினால் வழக்கமாக ‘ஐந்து நாளுக்கு’ என்று பொருள். 2/52 என்றால் இரண்டு வாரம், 1/12 என்றால் ஒரு மாதம். கீழே உள்ள எண் வாரத்தின் நாள்கள், வருடத்தின் வாரங்கள், வருடத்தின் மாதங்கள். ஆனால் வயதான இதய நோயாளிகளுக்கு, Lanoxin என்ற பெயரில் வரும் டிகாக்சினை எழுதும்போது, வாரத்தில் ஐந்து நாள் மட்டும் கொடுத்து இரண்டு நாள் விடச் சொல்வது நம் ஊரில் இன்றும் உள்ள வழக்கம். அதையும் 5/7 என்றே எழுதுவார்கள். ‘T. Lanoxin .25 ½ OD 5/7’ என்று ஒரு வரி வந்தால், ஐந்து நாள் கொடுத்துவிட்டு நிறுத்துவதா, வாரம் ஐந்து நாள் என்று மாதக்கணக்கில் கொடுப்பதா? எழுத்து அத்தனையும் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் இது சந்தேக வரிதான். ‘படித்தது’ கட்டத்தைக் காலியாக விட்டுக் கேளுங்கள். ‘வாரத்தில் ஐந்து நாள்’ என்று பதில் வந்தால் எந்த இரண்டு நாள் விட வேண்டும் என்பதையும் கேட்டு, ‘சனி, ஞாயிறு கிடையாது’ என்று நாள் பெயரோடு எழுதுங்கள்.

அதே வரியில் இன்னொரு பொறியும் இருக்கிறது: .25 என்பதில் முன்னால் பூஜ்யம் இல்லை. புள்ளி மங்கலாக இருந்தால், அல்லது கோடு போட்ட தாளில் கோட்டின் மேலேயே விழுந்திருந்தால், அது 25 ஆகிவிடும். ‘கண்டது’ கட்டத்தில் .25 என்றே இருக்கட்டும். ‘படித்தது’ கட்டத்தில் 0.25 என்று எழுதுங்கள். பின்னால் வருகிற பூஜ்யத்துக்கு இது நேர்மாறு. 1.0 என்று சீட்டில் இருந்தாலும் நர்ஸுக்குப் போகும் தாளில் 1 என்றுதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது பத்து என்று படிப்பார்கள். அமெரிக்காவில் ஐ.எஸ்.எம்.பி. என்ற மருந்துப் பாதுகாப்பு அமைப்பு, தவறாகப் படிக்கப்படும் குறியீடுகளின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் இந்த இரண்டு பூஜ்யங்களும் உண்டு, யூனிட்டுக்குப் போடும் U-வும் உண்டு. 10U என்று அவசரமாக எழுதினால் அந்த U மேலே மூடிக்கொண்டு 100 போலத் தெரியும். இன்சுலினில் அது பத்து மடங்கு. எனவே உங்கள் தாளில் எப்போதும் ‘10 யூனிட்’ என்று, இடைவெளி விட்டு, முழுச் சொல்லாகவே எழுதுங்கள். இன்சுலின் குப்பி நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு விதமாகக் கிடைக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. எந்தக் குப்பி என்று சீட்டில் பெரும்பாலும் இருக்காது. பார்மசிஸ்டிடம் கேட்டு எழுத வேண்டிய விஷயம் அது.

மைக்ரோகிராம் பற்றி ஒரு வார்த்தை. தைராய்டு மாத்திரையில் 50 என்றால் அது 50 மைக்ரோகிராம். கிரேக்க எழுத்துப் போட்டு µg என்று எழுதினால் mg போலவே தெரியும். மில்லிகிராமுக்கும் இதற்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். சீட்டில் வெறும் 50 என்று மட்டும் இருந்தால் அளவின் பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள். ‘அளவின் அலகு எழுதப்படவில்லை’ என்று குறித்துவிட்டு, மாத்திரை அட்டையைப் பார்த்தோ பார்மசிஸ்டைக் கேட்டோ நிரப்புங்கள்.

கண் டாக்டர் சீட்டில் வரும் OD-யை மட்டும் மறக்காதீர்கள். அங்கே அது வலது கண்ணைக் குறிக்கலாம். OS இடது கண், OU இரண்டு கண்ணும். சொட்டு மருந்து வரியில் OD இருந்தால் ஒரு வேளையா, வலது கண்ணா என்று கேட்டே ஏற்றுங்கள்.

இனி மருந்துப் பெயர். எதைச் சந்தேகம் என்று குறிப்பது? எழுத்து புரியாவிட்டால் மட்டும் என்று வைத்துக்கொண்டால் பாதிதான் பிடிபடும். நான் சொல்லும் அளவுகோல் இது: பெயரை எழுத்தை மட்டும் வைத்துப் படித்தீர்களா, வேறு எதையாவது துணைக்கு எடுத்தீர்களா? ‘500 என்று இருக்கிறது, சுகர் பேஷன்ட், அப்படியானால் மெட்ஃபார்மின்தான்’ என்று தோன்றினால், நீங்கள் படிக்கவில்லை, ஊகித்திருக்கிறீர்கள். வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோலிலும் 400, 500 என்றுதான் வரும். இரண்டும் ‘மெட்’ என்றுதான் தொடங்கும். சுகர் பேஷன்டுக்கு வயிற்றுப்போக்கு வராதா என்ன? ஊகம் சரியாகவே இருக்கலாம், பல நேரம் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அது சந்தேக வரி.

பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வாலையும் பெயரின் பகுதியாகவே பாருங்கள். டெல்மா என்பதும் டெல்மா-H என்பதும் ஒன்றல்ல. அந்த ஒற்றை H-இல் உப்பை, நீரை வெளியேற்றும் இன்னொரு மருந்து சேர்ந்திருக்கிறது. கிளைகோமெட் GP 1 என்பதில் உள்ள 1 ஒரு மாத்திரை என்பதைச் சொல்லவில்லை, உள்ளே இருக்கும் கிளிமிபிரைடு ஒரு மில்லிகிராம் என்பதைச் சொல்கிறது. Met XL 25 என்று வந்தால் அது பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் மெட்டோபிரோலால். ‘மெட்’ என்றதும் சுகர் மாத்திரை ஞாபகம் வந்துவிடும், ஜாக்கிரதை. வால் மங்கலாக இருந்தால் ‘பெயர் தெளிவு, வால் தெளிவில்லை’ என்று குறியுங்கள்.

பெயரைத் தவறாகப் படித்ததில் உலகறிந்த வழக்கு ஒன்று உண்டு. 1995-ல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒடெஸ்ஸா என்ற ஊரில், நெஞ்சுவலிக்காரர் ஒருவருக்கு டாக்டர் ஐசார்டில் 20 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதினார். கடையில் அதை பிளெண்டில் என்று படித்துக் கொடுத்துவிட்டார்கள். அது பிரஷர் மருந்து. நாளைக்கு அதிகபட்சமே 10 மில்லிகிராம்தான். சீட்டுப்படி அவர் நாளைக்கு 80 சாப்பிட வேண்டியதாயிற்று. சில நாள்களில் இறந்துபோனார். 1999-ல் ஜூரி, டாக்டரும் கடையும் சேர்ந்து நாலரை லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இதில் நான் பார்ப்பது அந்த எண்ணைத்தான். பெயர் மயக்கமாக இருந்தாலும், 20 மில்லிகிராம் நாலு வேளை என்ற அளவு ‘நான் பிளெண்டில் இல்லை’ என்று கத்திக்கொண்டிருந்தது. பெயரும் அளவும் பொருந்துகிறதா என்று பார்ப்பது பார்மசிஸ்டின் வேலை. அவர் அதைச் செய்ய, அளவும் வேளையும் சீட்டில் உள்ளபடி மாறாமல் அவர் கைக்குப் போக வேண்டும். பெயருக்கு ஏற்றாற்போல நீங்கள் அளவைத் ‘திருத்தி’ அனுப்பிவிட்டால் அவருக்கு இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

அளவும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. அதை ஒரு மாதிரிச் சீட்டை வைத்தே பார்ப்போம். எழுபது தாண்டிய ஒரு அம்மா, கை விரல் மூட்டெல்லாம் வீங்கும் முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். டாக்டர் ஐந்து வரி எழுதியிருக்கிறார். கடைசி மூன்றும் தெளிவு: HCQS 200 இரவு ஒன்று, Wysolone 5 காலைப் பலகாரத்துக்குப் பின் ஒன்று, Pan 40 காலைப் பலகாரத்துக்கு முன் ஒன்று. கீழே 1/12, ஒரு மாதத்துக்கு. பிரச்சினை முதல் இரண்டு வரியில். இரண்டும் ‘Fol’ என்று தொடங்கி அலைபோல ஓடி முடிகின்றன. முதல் வரியில் 7.5 mg, weekly once, Sun. இரண்டாவது வரியில் 5 mg, OD, except Sun.

Folitrax, Folvite இரண்டும் நம் கடைகளில் தினமும் போகிற பெயர்கள். ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரே ஒரு நாள் மட்டும் கொடுக்கும் மருந்து. தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த அணுக்களைக் குறைத்துவிடும். வாய்ப்புண், காய்ச்சல் என்று தொடங்கி உயிரே போகலாம். ஃபோல்வைட் என்பது ஃபோலிக் ஆசிட், சாதாரண வைட்டமின். மெத்தோட்ரெக்சேட்டால் வரும் தொந்தரவைக் குறைக்கத்தான் அதைக் கூடவே எழுதுவார்கள். ஒரு சீட்டில் ஒன்று இருந்தால் மற்றதும் பெரும்பாலும் அடுத்த வரியிலேயே இருக்கும். சிக்கல் என்னவென்றால், ஃபோல்வைட் 5 மில்லிகிராமில் வருகிறது, ஃபோலிட்ராக்ஸும் 5 மில்லிகிராமில் வருகிறது. ஐசார்டில் சீட்டில் எண் காட்டிக்கொடுத்ததுபோல இங்கே காட்டிக்கொடுக்காது.

இந்தச் சீட்டை மேலோட்டமாகப் பார்த்தால் விடை சுலபம். வாரம் ஒரு முறை என்பதால் முதல் வரி மெத்தோட்ரெக்சேட், இரண்டாவது ஃபோலிக் ஆசிட். அது சரியான விடையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு நீங்கள் எழுத்தை வைத்து வரவில்லை, வேளையை வைத்து வந்தீர்கள். அப்புறம் கம்ப்யூட்டர் வேறு. ‘Fol’ என்று தட்டியதும் இரண்டு பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்து நிற்கும். ஒரு அம்பு விசை தவறினால் இரண்டாவது வரி ‘ஃபோலிட்ராக்ஸ் 5, ஞாயிறு தவிர தினமும்’ என்று ஆகிவிடும். திரையில் பார்க்க அதில் ஒரு விகாரமும் தெரியாது. அதனால் இரண்டாவது வரியை நீங்கள் இப்படி ஏற்ற வேண்டும்:

```
வரி      : 2
கண்டது   : T. Fol_ _ _ _  5 mg  OD  except Sun
படித்தது  : (நிறுத்திவைப்பு)
தெளிவு   : அளவு, வேளை, நாள்
சந்தேகம்  : பெயர். Fol-க்குப் பின் 4 அல்லது 5 எழுத்து தெரியவில்லை
பதில்     :            சொன்னவர் :          நேரம் :
```

முதல் வரிக்கும் இதே மாதிரி ஒரு பதிவு. நான்காவது எழுத்து i போலவும் இருக்கிறது, v போலவும் இருக்கிறது என்றால் அதையும் எழுதுங்கள். ‘ஃபோல்வைட்டாக இருக்கும்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

பார்மசிஸ்டிடம் கேட்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். ‘சார், இது ஃபோல்வைட்தானே?’ என்று கேட்டால், கவுன்டரில் பத்துப் பேர் நிற்கும்போது ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். நீங்கள் ஒரு பெயரைச் சொன்ன பிறகு அவர் கண்ணுக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். ‘இரண்டாவது வரியின் பெயர் என்ன சார்?’ என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். முழுச் சீட்டும் போக வேண்டும். மேலே எழுதியிருக்கும் நோய், டாக்டரின் துறை, மற்ற மருந்துகள், அதே கையெழுத்தில் வேறு இடத்தில் வரும் v, t, x எல்லாம் அவருக்கு உதவும். வெளிச்சம் நேராக விழும்படி, மடிப்பு இல்லாமல், தாளுக்கு நேர் மேலிருந்து எடுங்கள். நோயாளிக்கு வயது என்ன, ஏற்கெனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், சிறுநீரகப் பிரச்சினை உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் கடைசியாக எடுத்த கிரியாட்டினின் எவ்வளவு என்று அவரே கேட்கக்கூடும்.

பதில் வெறும் கட்டைவிரல் படமாக வந்தால் அது பதில் ஆகாது. மருந்தின் மூலப்பெயர், அளவு, வேளை மூன்றையும் அவர் எழுதித் தர வேண்டும். மாதிரிச் சீட்டுக்கு நல்ல பதில் இப்படி இருக்கும்: ‘வரி 1 மெத்தோட்ரெக்சேட் 7.5 மி.கி., ஞாயிறு மட்டும் ஒன்று. வரி 2 ஃபோலிக் ஆசிட் 5 மி.கி., ஞாயிறு தவிர மற்ற நாள் ஒன்று. டாக்டரின் கிளினிக்கில் போனில் உறுதி செய்தேன்.’ அந்தக் கடைசி வாக்கியம் எல்லாச் சீட்டுக்கும் தேவைப்படாது. இதுபோன்ற ஆபத்தான ஜோடிக்குக் கட்டாயம் தேவை. பார்மசிஸ்டுக்கே புரியாவிட்டாலும் டாக்டரைக் கேட்பதுதான் வழி. அவரும் ஊகிக்கக் கூடாது.

போனில்தான் பதில் வாங்க முடிகிறது என்றால் கேட்டதை அவரிடமே திரும்பப் படித்துக்காட்டுங்கள். பெயரை எழுத்து எழுத்தாக. எண்களை மட்டும் தமிழில் சொல்லுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒரே மாதிரி விழும், பதினைந்தையும் ஐம்பதையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

2016-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் தன் நெறிமுறைகளைத் திருத்தி, மருந்தின் மூலப்பெயரைப் புரியும்படி, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று டாக்டர்களுக்குச் சொன்னது. உங்கள் மேசைக்கு வரும் சீட்டுகளைப் பார்த்தால் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். உங்கள் இல்லத்துக்கு வழக்கமாக வரும் டாக்டரிடம் மட்டுமாவது, வாரம் ஒரு முறை மருந்துகளையும் இன்சுலினையும் பெரிய எழுத்தில் எழுதும்படி நிர்வாகம் மூலமாகக் கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பதில் வரும்வரை அந்த மருந்தை என்ன செய்வது என்று நர்ஸ் கேட்பார். அதை முடிவு செய்வது நீங்கள் இல்லை, ஆனால் உங்கள் தாள் அதைத் தெளிவாகக் காட்ட வேண்டும். சந்தேக வரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அப்படி ஒரு மருந்து இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். ‘நிறுத்திவைப்பு, உறுதியாகும்வரை தர வேண்டாம், டூட்டி நர்ஸ் டாக்டரிடம் கேட்கவும்’ என்று வரி அங்கேயே நிற்கட்டும். எல்லா மருந்தும் ஒரே மாதிரி காத்திருக்காது. முதல் வரி ஞாயிற்றுக்கிழமைக்கானது, புதன்கிழமை சீட்டு வந்தால் நாலு நாள் அவகாசம் இருக்கிறது. வலிப்பு மருந்து, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, வெகுநாளாகச் சாப்பிடும் ஸ்டீராய்டு ஆகியவற்றில் ஒரு வேளை தவறினாலே தொல்லை வரலாம். அப்படிப்பட்டதாக இருக்கலாம் என்று நர்ஸுக்கோ பார்மசிஸ்டுக்கோ தோன்றினால் மாலைவரை காத்திராமல் உடனே போன் போட வேண்டும். அதனால் சந்தேக வரிகளை நாள் கடைசியில் மொத்தமாக அனுப்பும் வழக்கம் வேண்டாம். வந்த கையோடு அனுப்புங்கள்.

வாரம் ஒரு முறை மருந்தை ஏற்றுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான மென்பொருளிலும் அச்சடித்த தாளிலும் காலை, மதியம், இரவு என்ற மூன்று கட்டம்தான் இருக்கும். ‘வாரம் ஒரு முறை’ என்பதற்கு இடமே இருக்காது. 1-0-0 என்று போட்டுவிட்டு ஓரத்தில் weekly என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். இரவு டூட்டி நர்ஸ் ஓரத்தைப் படிக்கமாட்டார், 1-0-0-வைத்தான் படிப்பார். மெத்தோட்ரெக்சேட் வரியைத் தினசரிக் கட்டத்தில் போடவே போடாதீர்கள். அதற்குத் தனித் தாள் ஒன்று, அந்த மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகளைத் தேதியோடு எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்துப் போட இடம் விட்டு. தினசரித் தாளிலேயே போட்டாக வேண்டிய கட்டாயம் என்றால் மற்ற ஆறு நாள்களின் கட்டங்களையும் குறுக்குக்கோடு போட்டு அடித்துவிட்டு அச்செடுங்கள். சில டாக்டர்கள் 7.5-ஐ ஒரே மாத்திரையாக எழுதாமல் 2.5 மூன்று மாத்திரை என்று எழுதுவார்கள். அப்போது ‘2.5 மி.கி. மாத்திரை 3, மூன்றையும் சேர்த்து ஞாயிறு மட்டும்’ என்று விரித்து எழுதுங்கள். 3 என்ற எண் தனியாக நின்றால் அதை மூன்று வேளை என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

மருந்து வந்து சேர்ந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அட்டையைத் திருப்பி, வணிகப் பெயரோடு அச்சிட்டிருக்கும் மூலப்பெயரையும் அளவையும் பாருங்கள். கடையில் அந்தக் கம்பெனி மாத்திரை இல்லாமல் வேறு கம்பெனியுடையதைக் கொடுத்திருக்கலாம். பெயர் முற்றிலும் வேறாக இருக்கும், உள்ளிருக்கும் மருந்து ஒன்றாகவே இருக்கும். இந்த இடத்தில்தான் மூலப்பெயரை வாங்கி வைத்தது உதவும். ‘படித்தது’ கட்டத்தில் இருக்கும் மூலப்பெயரும் அட்டையில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய அட்டையை வைத்துப் புதுச் சீட்டைப் படிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். போன தடவை 5 கொடுத்த டாக்டர் இந்தத் தடவை 7.5 ஆக்கியிருக்கலாம், அல்லது மருந்தையே மாற்றியிருக்கலாம். பழைய அட்டை பார்மசிஸ்டுக்குத் தடயமாக உதவும், படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள்.

புதுச் சீட்டை ஏற்றி முடித்ததும் பழைய சீட்டில் இருந்து இதில் இல்லாத மருந்துகளைத் தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். டாக்டர் நிறுத்தச் சொன்னாரா, எழுத மறந்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது. முடக்குவாத டாக்டர் மூட்டு மாத்திரைகளை மட்டும் எழுதியிருப்பார், பிரஷர் மாத்திரை வேறொரு டாக்டர் கொடுத்ததாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ‘தொடர்கிறதா, நின்றதா?’ என்று பார்மசிஸ்டிடமோ டாக்டரிடமோ கேட்டுப் பதிலையும் தேதியையும் எதிரே எழுதிய பிறகு பழைய தாளைக் கோப்பிலிருந்து எடுங்கள்.